சீட் மாற்றினால் சலிப்பு தீருமா? பணிச் சுழற்சியும் பணிச் செறிவூட்டலும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களிடமோ கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ஆபீஸ்களில் பதினைந்து இருபது வருடம் ஒரே பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர்களிடமோ பேசினால், "ஜாப் ரொட்டேஷன்", "ஜாப் என்ரிச்மென்ட்" என்ற இரண்டு சொற்களும் அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பேசுகிறார்கள். மேனேஜர் ஒருவரின் சீட்டை மாற்றிவிட்டு "உன் வேலையைச் செறிவாக்கிட்டேன்" என்கிறார். இன்னொரு இடத்தில் ஏற்கெனவே இருக்கிற வேலையோடு இரண்டு ரிஜிஸ்டரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதற்கும் அதே பெயரை வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஆள் அதே சலிப்போடுதான் இருக்கிறார். உடனே "இவங்களை எதுவும் மாத்த முடியாது, வயசாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் கோளாறு ஆளிடம் இல்லை, வேலை பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## மூன்று சொற்கள், மூன்று வேலை

ஒரு கல்யாண சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஒருவர் வெங்காயம் மட்டும் நறுக்கிக்கொண்டிருக்கிறார். மதியம் அவரைக் கேரட் நறுக்கச் சொல்லிவிட்டு, கேரட் நறுக்கினவரை வெங்காயத்துக்கு அனுப்பினால் அது பணிச் சுழற்சி, அதாவது ஜாப் ரொட்டேஷன். வேலை மாறுகிறது, ஆனால் அதே உயரத்தில் இருக்கிற இன்னொரு வேலைக்குத்தான் மாறுகிறது. வெங்காயம், கேரட், பீன்ஸ் மூன்றையும் அவரே நறுக்கட்டும் என்றால் அது பணி விரிவாக்கம். வேலை அகலமாகிறது, அவ்வளவுதான். "அண்ணே, இன்னிக்குச் சாம்பார் உங்க பொறுப்பு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க, பந்தியில சாப்பிடுறவங்க என்ன சொல்றாங்கன்னும் நீங்களே கேட்டுக்கோங்க" என்று சொன்னால் அதுதான் பணிச் செறிவூட்டல். முன்பு மேஸ்திரி எடுத்த சில முடிவுகள் இப்போது இவர் கைக்கு இறங்கி வந்திருக்கின்றன. செய்ததன் பலனும் நேராக இவரிடமே வந்து சேர்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை வெறும் கணக்காகவே சொல்லிவிட்டார். அர்த்தமில்லாத ஒரு வேலையோடு அர்த்தமில்லாத இன்னொன்றைச் சேர்ப்பது பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டுவது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது ஒரு பூஜ்யத்துக்குப் பதில் இன்னொரு பூஜ்யம். கொஞ்சம் கடுமையான பேச்சுதான். சுழற்சிக்கு வேறு நல்ல பயன்கள் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் சலிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பெரும்பாலும் சரி.

இதுவரை: சுழற்சியில் வேலை பக்கவாட்டில் மாறுகிறது. விரிவாக்கத்தில் பக்கவாட்டில் நீள்கிறது. செறிவூட்டலில் மேலே இருந்த அதிகாரமும் பொறுப்பும் கீழே இறங்குகின்றன.

## சலிப்பு எங்கிருந்து வருகிறது

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் சலிப்பு என்று நினைக்கிறோம். அது காரணத்தில் ஒரு பங்குதான். தறி ஓட்டுகிறவரும் தோட்டத்தில் களை பறிக்கிறவரும் கூட ஒரே வேலையைத்தான் திரும்பச் செய்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சலித்துப்போவதில்லை.

1970களில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள். வேலையில் எத்தனை விதமான திறமை தேவைப்படுகிறது? ஒரு முழு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நான் செய்கிறேனா, அல்லது நடுவில் ஒரு துண்டு மட்டுமா? என் வேலை இன்னொருவர் வாழ்க்கையைத் தொடுகிறதா? எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் எனக்கு எவ்வளவு இருக்கிறது? நன்றாகச் செய்தேனா இல்லையா என்பது வேலையிலிருந்தே எனக்குத் தெரிகிறதா? இந்த ஐந்தையும் வரிசையாக வகை, முழுமை, பயன், சுதந்திரம், பின்னூட்டம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மதிப்பெண் போட வேண்டியது அந்த வேலையைச் செய்கிறவர், மேனேஜர் அல்ல. அப்புறம் அவர்கள் கொடுத்த சூத்திரம் இது:

```
(வகை + முழுமை + பயன்) ÷ 3 × சுதந்திரம் × பின்னூட்டம்
```

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முதல் மூன்றும் கூட்டிச் சராசரி எடுக்கப்படுகின்றன, அதனால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். சுதந்திரமும் பின்னூட்டமும் பெருக்கப்படுகின்றன. அவை இரண்டும் அடிமட்டத்தில் இருந்தால் மற்றதை என்னதான் ஏற்றினாலும் மொத்தம் ஏறாது. பிற்கால ஆய்வுகளில், பெருக்குவதற்குப் பதில் ஐந்தையும் சும்மா கூட்டினாலே போதும் என்று வந்தது. அதனால் இந்த எண்ணைத் தராசு எடை மாதிரி துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்ட இது நன்றாகவே உதவும்.

## மாம்பழக்கூழ் ஆலையின் பில் பிரிவு

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. அப்படி ஓர் ஆலையின் பில் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட மாதிரிதான், ஆனால் வேலைப் பிரிவினை இந்தப் பக்கத்து ஆபீஸ்களுக்குப் புதிதல்ல.

சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வருகிறது. பில் பிரிவில் ஐந்து பேர், எல்லோரும் பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ். முதல் ஆள் எடைச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். இரண்டாவது ஆள் தரப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக் கழிவு எத்தனை கிலோ என்று போடுகிறார். மூன்றாவது ஆள் அன்றைய விலையைப் போட்டு, முன்பணம் வாங்கியிருந்தால் கழிக்கிறார். நான்காவது ஆள் பில் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணுகிறார். ஐந்தாவது ஆள் பேங்குக்கு அனுப்ப வேண்டிய பட்டியலைத் தயார் செய்கிறார். பிரிவுத் தலைவர் ஒவ்வொரு பில்லையும் சரிபார்த்துக் கையெழுத்து போடுகிறார்.

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி வந்து ஜன்னலில் நின்று, "ஏங்க, என் லோடுல இவ்வளவு கழிவு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்கிறார். முதல் ஆள், "எடை மட்டும்தாங்க நான் போடுவேன், பக்கத்து சீட்டைக் கேளுங்க" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் தரப் பரிசோதனைச் சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் ஏற்றினார், காரணம் அவருக்கும் தெரியாது. விவசாயி கடைசியில் தலைவரிடம் போகிறார். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அந்த மனுஷனுக்கு எவ்வளவு பணம் போனது, ஏன் போனது என்று முழுசாகச் சொல்லத் தெரியாது. தப்பு நடந்திருந்தால் அதைத் தலைவரே திருத்திவிடுவார், தப்பு பண்ணினவருக்குச் செய்திகூட வராது. இந்த மாதிரி இருபது வருடம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சலிக்காது?

முதல் ஆளின் வேலைக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். வகை 2, முழுமை 1, பயன் 5 (விவசாயியின் பணம் என்பதால்), சுதந்திரம் 2, பின்னூட்டம் 2. சராசரி சுமார் 2.7, அதை இரண்டாலும் திரும்ப இரண்டாலும் பெருக்கினால் 11 வருகிறது. அதிகபட்சம் 343 என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலை பணிச் சுழற்சி கொண்டுவருகிறது. மாதம் ஒருமுறை ஐந்து பேரும் ஒரு சீட் தள்ளி உட்கார வேண்டும். வகை 2லிருந்து 4க்கு ஏறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே. கணக்குப் போட்டால் 13. முதல் இரண்டு மாதம் புதுசு புதுசாகக் கற்றுக்கொள்கிற சுவாரசியம் இருக்கும். ஐந்து சீட்டும் பழகிய பிறகு ஒரு சலிப்புக்குப் பதில் ஐந்து சலிப்புகள்தான் மிச்சம்.

இனி வேலையையே வேறு மாதிரி வெட்டிப் பார்ப்போம். சீட்டுவாரியாகப் பிரிக்காமல் ஊர்வாரியாகப் பிரிக்கலாம். ஒருவருக்குப் போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம், இன்னொருவருக்குக் காவேரிப்பட்டணம், அடுத்தவருக்குப் பர்கூர், நான்காமவருக்கு ஊத்தங்கரை. அந்தந்த ஊர் லோடுக்கு எடைச் சீட்டு வந்ததிலிருந்து பில் ஆகும் வரை எல்லாம் அவரே. பில்லில் அவர் பெயர் இருக்கும். அந்த ஊர் விவசாயி சந்தேகம் கேட்க வந்தால் அவரிடம்தான் வருவார், தரப் பரிசோதனைக்காரரிடம் போய் விளக்கம் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமை உண்டு. சீட்டுக்கும் பில்லுக்கும் வித்தியாசம் இருந்தால் குறிப்பிட்ட தொகை வரை அவரே திருத்தலாம். தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் தலைவர் திருத்தாமல், பில்லை அவரிடமே திருப்பி அனுப்புவார்.

வகை 4, முழுமை 6, பயன் 5, சராசரி 5. சுதந்திரம் 5, பின்னூட்டம் 5. பெருக்கினால் 125. அதே ஆட்கள், அதே கம்ப்யூட்டர், அதே மாங்காய். எண்கள் நான் போட்டவை, உங்கள் ஆபீஸில் வேறாக வரலாம். ஆனால் சுழற்சி ஏன் கொஞ்சம்தான் ஏற்றுகிறது, செறிவூட்டல் ஏன் அதிகம் ஏற்றுகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

ஐந்தாவது சீட்டை நான் கலைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பில் போடுகிறவரும் பணம் விடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, கணக்குத் துறையின் அடிப்படை அது. எடையும் எடை மேடையில் வேறு ஆளால் போடப்பட்டே வர வேண்டும். செறிவூட்டல் என்று சொல்லி இந்தத் தடுப்பை உடைத்துவிட்டால், நாளைக்கு ஏதாவது மோசடி நடந்து, நேர்மையான ஆள்கூடச் சந்தேகத்துக்கு ஆளாவார். ஐந்தாவது ஆளுக்குச் செறிவு வேறு வழியில் வர வேண்டும்: எந்த ஊருக்குப் பணம் தாமதமாகிறது என்று கண்காணித்து, பேங்கோடு நேரில் பேசித் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே விடலாம்.

இதுவரை: வேலையைத் துண்டுதுண்டாக வெட்டியிருந்தால் துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. ஒரு முழு வேலையும், அதில் முடிவெடுக்கும் உரிமையும், அதன் பலனைப் பார்க்கும் வழியும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

## உண்மையில் செய்து பார்த்தபோது

ஹெர்ஸ்பெர்க்கின் அதே 1968 கட்டுரையில் எழுத்தர் வேலை பற்றிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியர்கள். கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், ஆனால் வேலையில் ஆர்வம் குறைந்திருந்தது. அங்கே செய்த மாற்றங்கள் பார்க்க ரொம்பச் சின்னவை. கடிதத்தில் மேலதிகாரிக்குப் பதிலாக, அதை எழுதினவரே தன் பெயரில் கையெழுத்து போட்டார். பழகிய ஊழியர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பது 100 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடிதம் மேலதிகாரி மேஜை வழியாகப் போகாமல் நேராகத் தபால் பிரிவுக்குப் போனது. ஒவ்வொரு விஷயத்துக்கும் குழுவிலேயே ஒருவர் நிபுணராக நியமிக்கப்பட்டார், சந்தேகம் வந்தால் மேலே ஓடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். இதற்காகத் தனியாகச் சம்பளம் கூட்டவில்லை. ஆறு மாத முடிவில் இந்தக் குழு, மாற்றம் செய்யப்படாத குழுக்களை வேலையில் முந்தியிருந்தது, வேலையின் மேல் விருப்பமும் கூடியிருந்தது.

100லிருந்து 10 என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறு சதவீதம் சரிபார்க்கப்படும் என்று தெரிந்த எழுத்தர் தப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார், ஏனென்றால் பிடிக்கத்தான் இன்னொருவர் இருக்கிறாரே. சரிபார்ப்பைக் குறைத்தால் கவனம் எழுத்தரிடமே திரும்புகிறது. நம் பில் பிரிவில் இதைச் செய்வதென்றால் முதல் சில வாரம் எல்லா பில்லையும் பார்க்கட்டும். தப்பு குறைந்தவுடன் பத்துக்கு ஒன்று போதும், பெரிய தொகை பில் மட்டும் எப்போதும் பார்க்கப்படும். ஒருவருக்கு மட்டும் தப்பு கூடினால் அவருக்கு மட்டும் சில வாரம் முழுச் சரிபார்ப்பு திரும்ப வரும்.

## அசெம்பிளி லைனில் சுழற்சி எதற்கு உதவும்

சுழற்சிக்கு நல்ல பயன்கள் உண்டு என்றேன். ஓசூரில் ஒரு அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் ஸ்க்ரூ முடுக்குகிற ஒருவரின் மணிக்கட்டையும் தோளையும் யோசித்துப் பாருங்கள். ஒரே தசைக்கு நாள் முழுக்கச் சுமை விழுவதைத் தடுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டேஷன் மாற்றுவது நல்ல ஏற்பாடு. ஒருவர் லீவு போட்டால் அந்த ஸ்டேஷனை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது லாபம்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு: காலியாக இருக்கிற ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவது, அங்கே எந்தத் தசைக்கு வேலை என்று பார்க்காமல். கையைத் தூக்கி ஸ்க்ரூ முடுக்கினவரை, கையைத் தூக்கி கேபிள் மாட்டும் இடத்துக்கு அனுப்பினால் தோளுக்கு ஓய்வே இல்லை. கையைத் தூக்கும் வேலைக்கு அப்புறம் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலை, அதற்கப்புறம் நடந்து பொருள் எடுத்துவரும் வேலை என்று வரிசை போட வேண்டும். எந்த ஆளுக்கு எந்த ஸ்டேஷன் தெரியும் என்று சுவரில் ஒரு திறன் அட்டவணை மாட்டியிருப்பார்கள். அந்த அட்டவணையோடு, எந்த ஸ்டேஷனில் உடம்பின் எந்தப் பகுதிக்குச் சுமை என்பதற்கும் ஒரு பத்தி சேர்த்தால் போதும், வரிசை தானாகத் தெரிந்துவிடும்.

லைனில் செறிவூட்டலுக்கு இடம் கம்மி என்பது உண்மை. லைன் ஓடும் வேகத்தை ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இருந்தாலும் இடம் இருக்கிறது: தான் செய்ததைத் தானே சோதித்து ஓகே போடுவது, கோளாறு கண்டால் லைனை நிறுத்தும் உரிமை, ஷிப்ட் ஆரம்பத்தில் யார் எந்த ஸ்டேஷன் என்று அந்தக் குழுவே முடிவு செய்வது, திரும்பி வந்த பழுதான பொருளை அதைச் செய்தவரிடமே காட்டிக் காரணம் கேட்பது. இந்தக் கடைசியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பத்து வருடமாக ஒரு பாகத்தை மாட்டுகிறவர், அது வெளியே போய் எப்படிக் கெடுகிறது என்று ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இதுவரை: உடம்பு வலியைத் தடுக்கவும் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவும் சுழற்சி. மனச் சலிப்புக்குச் செறிவூட்டல். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், ஒன்றை இன்னொன்றின் பெயரில் செய்யக் கூடாது.

## எங்கே கெட்டுப்போகிறது

முதலில், நேரம். மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும்போது பில் பிரிவைக் கலைத்துப் போட்டால் பணம் தாமதமாகி விவசாயிகள் வாசலில் நிற்பார்கள். சீசன் தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் பழைய வருட லோடுகளை வைத்துப் பழக வேண்டும். அப்படியும் முதல் சில வாரம் வேகம் குறையும். ஹெர்ஸ்பெர்க்கே இதற்குத் தயாராக இருங்கள் என்று எழுதியிருக்கிறார். குறைந்த உடனே பயந்து பழையபடி மாற்றினால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, பழைய ஆட்களின் பயம். நம் ஊரில் சீட் மாற்றம் என்றாலே தண்டனை என்றுதான் அர்த்தம். இருபது வருடமாகக் கழிவுக் கணக்கு போடுகிறவர் அந்தச் சீட்டில் ராஜா, எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். திடீரென்று ஊர்வாரி வேலை என்றால் எல்லோரும் அவருக்குச் சமம். அவரைக் கழிவு விஷயத்தில் ஊர்வாரி வேலை பார்க்கும் மற்ற மூவருக்கும் நிபுணராக வைத்தால் அந்த மரியாதை போகாது. இன்னொன்று, எல்லோருக்கும் கூடுதல் பொறுப்பு பிடிக்கும் என்பதும் கிடையாது. ஹாக்மனும் ஓல்டமும் இதைத் தெளிவாகவே சொன்னார்கள்: வேலையில் வளர வேண்டும் என்ற ஆசை இருப்பவருக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருடம் இருக்கிற ஒருவர் "எனக்கு வேண்டாம் தம்பி" என்றால் அதை மதிக்க வேண்டும்.

மூன்றாவது, சம்பளம். சம்பளம் நேரத்துக்கு வராத, ஓவர்டைம் பணம் பாக்கி இருக்கிற இடத்தில் செறிவூட்டலைப் பற்றிப் பேசவே கூடாது. அங்கே இருப்பது சலிப்பல்ல, கோபம். அதேபோல, தலைவர் செய்த வேலையில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கீழே இறக்கிவிட்டு அதற்குப் பதவியோ படியோ தரமாட்டோம் என்றால், ஒரு வருடத்துக்குள் ஊழியர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொள்வார்கள்.

நான்காவதாக, எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் பிரிவுத் தலைவர். ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்து போட்டவருக்கு இப்போது பத்துக்கு ஒன்றுதான். அவருடைய வேலையே போய்விட்டது போலத் தோன்றும், அதனால் அவர் எதிர்ப்பார், இல்லையென்றால் வெளியே சரி என்றுவிட்டு உள்ளே பழையபடி எல்லா பில்லையும் பார்ப்பார். அவர் மேஜையில் பில் கட்டு குறையவே இல்லை என்றால் செறிவூட்டல் காகிதத்தில்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் மாற்று வேலை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்: எந்த ஊர் லோடில் கழிவு வழக்கத்தைவிட அதிகம் என்று பார்த்து அந்த விவசாயிகளோடு பேசுவது, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, அடுத்த சீசன் விலைப் பேச்சுக்குக் கணக்குத் தயார் செய்வது. இத்தனை வருடம் பில் பார்த்ததில் அவர் தேடுவதற்கு நேரமே கிடைக்காத விஷயங்கள் இவை.

ஆறு மாதம் கழித்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஐந்து கேள்விகளையும் அதே ஆட்களிடம் திரும்பக் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு. கூடவே இரண்டை எண்ணுங்கள்: திருத்தம் கேட்டுத் திரும்பி வந்த பில்கள், தலைவர் வரை போன விவசாயிகளின் கேள்விகள். வகை மட்டும் ஏறி, சுதந்திரமும் பின்னூட்டமும் இருந்த இடத்திலேயே இருந்தால் நீங்கள் செய்தது பணிச் சுழற்சி.